கிரீன் டீ, கேப்சூல், ஈரல்: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன் டீயில கேட்டகின், கேட்டகின்னு சொல்றாங்களே, அது என்னங்க?

தேயிலையில் இயற்கையாக இருக்கும் துவர்ப்புப் பொருள்களின் ஒரு குடும்பம். பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கிவிட்டால் அவை அப்படியே தங்கிவிடும். அதுதான் கிரீன் டீ. இலையை நசுக்கிக் காற்றில் புளிக்கவிட்டால் அவற்றில் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறி, நாம் பால் ஊற்றிக் குடிக்கும் கறுப்புத் தூள் கிடைக்கும். செடி ஒன்றுதான்.

இந்தக் குடும்பத்தில் முக்கியமான ஒன்றின் பெயர் இஜிசிஜி. கிரீன் டீயின் கேட்டகின்களில் ஏறத்தாழ பாதி இதுதான். எடை, இதயம், ஈரல் பற்றிய ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் இதைத்தான் அளக்கின்றன. 2 கிராம் இலையை 200 மில்லி வெந்நீரில் ஊறவைத்தால் ஒரு கோப்பையில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் இஜிசிஜி இறங்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கீழே வரும் கணக்குகளுக்கு இதுதான் அளவுகோல்.

தினமும் குடிச்சா உடம்பு இளைக்குமுங்களா?

கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இளைக்காது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை உண்டு. 1999-இல் ஜெனீவாவில் 10 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. கேட்டகினும் காஃபீனும் சேர்ந்த தேயிலைச் சாற்றைக் கொடுத்து, ஒரு அறைக்குள் 24 மணி நேரம் அவர்கள் உடல் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று அளந்தார்கள். செலவு 4 சதவீதம் கூடியது. அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 80 கலோரி, ஒன்றரை இட்லி அளவு. விளம்பரங்கள் எல்லாம் இந்த 4 சதவீதத்தின் மேல்தான் கட்டப்பட்டவை.

பிறகு பல வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் வந்தன. 2012-இல் காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவினர் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில் கிரீன் டீ தரப்பினர் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.04 கிலோதான் அதிகம் குறைந்திருந்தார்கள். 40 கிராம். ஜப்பானில் நடந்த ஆய்வுகளில் இது 200 கிராமிலிருந்து மூன்றரை கிலோ வரை இருந்தது, ஆனால் அந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் ஒரே சராசரியாகக் கூட்ட முடியவில்லை.

நம் பக்கத்துக்குப் பொருந்தும் ஒரு நுணுக்கமும் உண்டு. காஃபீன் குறைவாக எடுத்துப் பழகியவர்களிடம்தான் கேட்டகினின் எடை விளைவு ஓரளவாவது தெரிந்தது. காலையிலும் மாலையிலும் ஸ்ட்ராங் ஃபில்டர் காபி, நடுவில் இரண்டு டீ என்று பழகிய உடம்பில் அந்தச் சிறு விளைவும் மங்கிப்போகும். பால், சர்க்கரை போட்ட இரண்டு டீயை விட்டுவிட்டு அந்த இடத்தில் சர்க்கரை இல்லாத கிரீன் டீ குடித்தால் எடை குறைய வாய்ப்பு இருக்கிறது. அது கேட்டகினால் வருவது அல்ல, சர்க்கரை போனதால் வருவது.

அப்ப டீயா குடிக்காம கேப்சூலா போட்டா வேகமா குறையுமில்லீங்களா?

எடை வேகமாகக் குறையவில்லை. ஈரல் கெடும் வாய்ப்புத்தான் கூடியது.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வு. மாதவிடாய் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் தினமும் 843 மில்லிகிராம் இஜிசிஜி உள்ள கேப்சூல். மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று கேப்சூல். அவர்களில் உடல் பருத்த 121 பேரின் எடையையும் கொழுப்பையும் தனியாக அளந்தார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஈரல் சோதனையில் வித்தியாசம் வந்தது. ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி உயர்ந்தவர்கள் வெற்று கேப்சூல் தரப்பில் 0.7 சதவீதம், கிரீன் டீ தரப்பில் 6.7 சதவீதம். பதினைந்து பேரில் ஒருவர். கேப்சூலை நிறுத்தியதும் அளவு இறங்கியது, திரும்பத் தொடங்கியவர்களுக்கு மறுபடி ஏறியது. காரணம் கேப்சூல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இப்படி நொதி ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே எதுவும் தெரியாது. ரத்தம் சோதித்ததால்தான் தெரிந்தது. ஜிம்மிலோ கடையிலோ வாங்கிப் போடுகிறவருக்கு அந்தச் சோதனையை யார் செய்கிறார்கள்?

ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் இந்தச் சான்றுகளை எல்லாம் ஆராய்ந்து, துணை உணவாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி எடுத்தால் ஈரல் நொதிகள் உயர்கின்றன என்று சொன்னது. 2022-இல் அங்கே சட்டமும் வந்தது: ஒரு நாள் அளவு 800 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் எடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சடிக்க வேண்டும். 800-க்குக் கீழே இருந்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று இதைப் படிக்க வேண்டாம். அதைவிடக் குறைந்த அளவிலும் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஏன் என்பது கீழே.

டப்பாவுல 500 மி.கி.ன்னுதான் போட்டிருக்கு. அது 800-க்குக் கீழதானே?

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். லேபிளில் உள்ள 500 என்பது தேயிலைச் சாற்றின் எடை. இஜிசிஜியின் எடை வேறு.

ஒரு கேப்சூலின் பின்பக்கத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: “கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி., பாலிஃபீனால் 98 சதவீதம், கேட்டகின் 80 சதவீதம், இஜிசிஜி 50 சதவீதம். காலை 2, இரவு 2.” இதில் கடைசி சதவீதத்தை மட்டும் எடுங்கள். 500-இல் 50 சதவீதம் 250. ஒரு நாளைக்கு 4 கேப்சூல், ஆக 1,000 மில்லிகிராம். எல்லையைத் தாண்டிவிட்டது.

கோப்பைக்கு 75 என்று நடுவாக வைத்தால் இது 13 கோப்பை கிரீன் டீ. அதுவும் நாள் முழுக்கப் பரவலாக இல்லை. காலையில் ஒரே மடக்கில் ஆறேழு கோப்பை, இரவில் இன்னொரு ஆறேழு கோப்பை. ஒரே நேரத்தில் இவ்வளவு ஈரலுக்கு வந்து சேர்வது டீ குடிக்கும் எவருக்கும் நடக்காது.

சில டப்பாக்களில் பாலிஃபீனால் சதவீதம் மட்டும் இருக்கும், இஜிசிஜி இருக்காது. அப்போது பாலிஃபீனாலில் பாதி இஜிசிஜி என்று தோராயமாக வைத்துக் கணக்கிடலாம். சதவீதமே இல்லாமல் “மெட்டபாலிசம் பிளெண்ட்” என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள்.

கூடவே என்ன சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். எடை குறைப்பு கேப்சூல்களில் கிரீன் டீயோடு அடிக்கடி ஜோடி சேர்வது கார்சீனியா. நம் ஊர் மீன் குழம்பில் போடும் சாதாரணப் புளி அல்ல, மலையாளிகள் போடும் குடம்புளிதான் அது. குழம்பில் போடும் துண்டால் கேடு இல்லை. செறிவாக்கிய சாற்றால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. இரண்டும் ஒரே கேப்சூலில் இருந்தால் ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வருகிறது.

இலைதானே, இயற்கைதானே. ஈரலை எப்படிங்க கெடுக்கும்?

குடலில் உறிஞ்சப்படும் எதுவும் முதலில் ஈரலுக்குத்தான் போகும். டீயாகக் குடிக்கும்போது சிறிது சிறிதாக வரும் இஜிசிஜியை ஈரல் மாற்றி வெளியேற்றிவிடும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வந்தால் அந்த வேலை தேங்கும். மாற்றப்படாத இஜிசிஜி ஈரல் செல்களுக்குள் சேர்ந்து, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சேதப்படுத்துகிறது. குறைந்த அளவில் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் அதே பொருள், செறிவு கூடும்போது ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டும் பொருளாக மாறிவிடுகிறது.

வெறும் வயிறு இதை இன்னும் மோசமாக்கும். மனிதர்களிடம் 2005-இல் அளந்து பார்த்ததில், இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து கேப்சூல் போட்டவர்களின் ரத்தத்தில் இஜிசிஜியின் உச்ச அளவு, உணவோடு போட்டவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. எடை குறைப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆபத்து கூடும் நேரத்தில்தான் அதிகம் பேர் போடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் பிறவியிலேயே வருவது. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்யும் ஒரு கூட்டமைப்பு, கிரீன் டீ சாற்றால் பாதிக்கப்பட்டதாக முடிவான 40 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 72 சதவீதத்தினரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. பொது மக்களில் அது 11 சதவீதத்தினரிடம்தான் உண்டு. எச்எல்ஏ மரபணுக்கள் நோய் எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ளவை. எனவே சிலருக்கு இது நஞ்சு கூடியதால் மட்டும் வருவதில்லை. அவர்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறது. அதனால்தான் ஒரே டப்பாவிலிருந்து அண்ணனுக்கு ஒன்றும் ஆகாமல் தங்கைக்கு மஞ்சள் காமாலை வர முடியும். அதனால்தான் அளவு 800-க்குக் கீழே இருப்பதும் முழு உத்தரவாதம் ஆவதில்லை. கடைக்குப் போகும் முன் இந்த மரபணுவைச் சோதிக்கும் வழக்கம் எங்கும் இல்லை, அது இருந்தாலும் எல்லோருக்கும் பாதிப்பு வந்துவிடுவதும் இல்லை.

ஈரல் பாதிச்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்ணு மஞ்சளாகுமா?

கண் மஞ்சளாவது கடைசியில் வரும். பொதுவாகக் கேப்சூல் தொடங்கி மூன்று மாதத்துக்குள், சிலருக்கு ஆறேழு மாதம் கழித்தும், முதலில் சோர்வு வரும். பசி போகும், எண்ணெய் வாசனை பிடிக்காது, வயிறு புரட்டும். எடை குறைப்பில் இருப்பவர் பசி போனதை நல்ல அறிகுறி என்று நினைத்துவிடுவார். அடுத்து சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். தண்ணீர் நிறையக் குடித்தும் நிறம் மாறாது. அதற்குச் சில நாள் கழித்துத்தான் கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். இது விளக்கத்துக்காக அமைத்த ஒரு எடுத்துக்காட்டு. அம்மாப்பேட்டையில் 42 வயதுப் பெண் ஒருவர், மேலே கணக்குப் போட்ட அதே கேப்சூலை 9 வாரம் போட்டிருக்கிறார் என்று கொள்வோம். சிறுநீர் கறுத்ததும் ரத்தம் கொடுக்கிறார். எஸ்ஜிபிடி 740 (இயல்பு 40 வரை), பித்த ஓட்டத்தோடு தொடர்புள்ள நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸ் 130 (இயல்பு 120 வரை), கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 5.2 (இயல்பு 1.2 வரை), ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.2.

மருத்துவர் முதலில் பார்ப்பது எந்த வகைப் பாதிப்பு என்பதை. எஸ்ஜிபிடி இயல்பைப் போல 18.5 மடங்கு, ஆல்கலைன் பாஸ்படேஸ் 1.08 மடங்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 17. இந்த விகிதம் 5-க்கு மேல் இருந்தால் ஈரல் செல்களே நொறுங்குகின்றன என்று பொருள். 2-க்குக் கீழே இருந்தால் பித்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது, பித்தப்பைக் கல்லையும் தேட வேண்டும். கிரீன் டீ சாற்றுப் பாதிப்பு பெரும்பாலும் முதல் வகை.

அடுத்து எவ்வளவு கடுமை. எஸ்ஜிபிடி மூன்று மடங்குக்கு மேல், கூடவே பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால், மருந்தால் வந்த பாதிப்பில் பத்தில் ஒருவர் வரை இறக்கவோ ஈரல் மாற்று தேவைப்படவோ கூடும் என்பது ஈரல் மருத்துவத்தில் நெடுநாள் அனுபவம். இந்தப் பெண் அந்தக் கட்டத்தில் இருக்கிறார். ஐஎன்ஆர் 1.2 என்பதால் ஈரல் இன்னும் ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்கிறது, அது நல்ல செய்தி. ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். அது 1.5-ஐத் தாண்டினாலோ, அவர் பேச்சில் குழப்பம், பகலில் தூக்கம் என்று வந்தாலோ, ஈரல் மாற்று வசதி உள்ள கோவைக்கோ சென்னைக்கோ அன்றே அனுப்ப வேண்டும்.

கேப்சூலின் மேல் பழியைப் போடும் முன் வேறு காரணங்களையும் விலக்க வேண்டும். நம் ஊரில் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் இதே எண்களைத் தரும். பி, சி வைரஸ், ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்க்கான ஏஎன்ஏ சோதனை, வயிற்று ஸ்கேன், காசநோய் மாத்திரை, பாராசிட்டமால், நாட்டு மருந்து, மது எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவையெல்லாம் இல்லை என்றான பிறகுதான் கிரீன் டீ சாறு காரணம் என்று எழுத முடியும்.

நிறுத்துவதுதான் முக்கிய சிகிச்சை. நிறுத்திய பின் எஸ்ஜிபிடி முதலில் இறங்கும். பிலிருபின் ஓரிரு வாரம் மேலும் ஏறிக்கூடப் போகலாம். அதைப் பார்த்துப் பயந்து ஊர் ஊராக மருந்து மாற்றுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மஞ்சள் காமாலைக்கு என்று யாராவது கொடுக்கும் கலவை மருந்துகளில் என்ன இருக்கிறது என்று தெரியாது, பாதித்த ஈரலுக்கு அவையும் சுமைதான். அதைவிட, ஐஎன்ஆர் பார்க்க வேண்டிய நாள்கள் அதில் வீணாகிப்போகும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் இயல்புக்கு வந்துவிடும். மிகச் சிலர் இறந்திருக்கிறார்கள், சிலருக்கு ஈரல் மாற்றப்பட்டிருக்கிறது.

சரியானப்பறம் வேற கம்பெனி கேப்சூல் போட்டுப் பாக்கலாமா?

கூடாது. கம்பெனி மாறினாலும் உள்ளே இருப்பது இஜிசிஜிதான். ஒரு முறை பாதித்த ஈரல் இரண்டாம் முறை முன்பைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் பாதிக்கப்படலாம். மருத்துவச் சீட்டிலும் சர்க்கரை, பிரஷர் புத்தகத்திலும் “கிரீன் டீ சாறு: ஈரல் பாதிப்பு” என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இன்னொரு மருத்துவரிடம் போகும்போது அதுதான் பேசும்.

இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அதாவது உண்மையா?

எடையைவிட இதில் சான்று நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு வகைச் சான்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மக்களை நெடுநாள் பின்தொடர்ந்த ஆய்வு. ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 40,530 பேரை 11 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் 5 கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு, ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களைவிட, இதய ரத்தநாள நோயால் இறக்கும் வாய்ப்பு ஆண்களில் 22 சதவீதமும் பெண்களில் 31 சதவீதமும் குறைவாக இருந்தது. பக்கவாதத்தில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவு. அந்த ஊர்க் கோப்பை 100 மில்லிதான். 5 கோப்பை என்பது நம் வீட்டு டம்ளரில் இரண்டரை டம்ளர். அவர்கள் கேப்சூல் போட்டவர்கள் அல்ல, இலையை ஊறவைத்துக் குடித்தவர்கள். ஆனால் அதிகம் குடித்தவர்கள் மற்ற பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம் என்பதால், டீ மட்டும்தான் காரணம் என்று இந்த வகை ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இரண்டாவது, கொடுத்துப் பார்த்து அளந்த ஆய்வுகள். 2020-இல் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கெட்ட கொழுப்பான எல்டிஎல் சராசரியாக 4.5 புள்ளி குறைந்தது. 150 இருந்தவருக்கு 145 ஆகும். ரத்த அழுத்தத்தில் மேல் எண் சுமார் 2 புள்ளி குறைகிறது. நல்லதுதான், ஆனால் சிறியது. எல்டிஎல் 150 உள்ள, ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு மருத்துவர் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரை அதைப் பாதியாகக் குறைக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு கிரீன் டீக்கு மாறுவது உயிரோடு விளையாடும் செயல்.

காபித் தோட்டங்கள் நிறைந்த ஏற்காட்டுக்காரர்களுக்காக ஒன்று. 2022-இல் வெளியான இன்னொரு ஜப்பானிய ஆய்வில், அழுத்தம் 160/100-க்கு மேல் இருந்தவர்கள் தினமும் இரண்டும் அதற்கு மேலும் காபி குடித்தபோது இதய நோயால் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாக இருந்தது. கிரீன் டீ குடித்தவர்களிடம் அந்த உயர்வு இல்லை. அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் ஒரு காபியை கிரீன் டீயாக மாற்றிக்கொள்ள இது போதுமான காரணம்.

பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையெல்லாம் போடறேன். கிரீன் டீ குடிக்கலாமா?

மாத்திரையின் பெயரைப் பொறுத்தது. நாடோலால் என்ற பிரஷர் மாத்திரையோடு 2014-இல் சோதித்தபோது, தினமும் 700 மில்லி கிரீன் டீ குடித்தவர்களின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு 85 சதவீதம் குறைந்துபோனது. குடலில் மருந்தை உள்ளே எடுத்துச் செல்லும் வழியை கேட்டகின் அடைத்துவிடுகிறது. நாடோலால் போடுகிறவர்கள் கிரீன் டீயை விட்டுவிடுவதே நல்லது. மற்ற பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, ஆனாலும் மாத்திரையைச் சாதாரணத் தண்ணீரில் போட்டு, டீயைச் சில மணி நேரம் தள்ளிக் குடிப்பது எளிய காவல்.

வால்வு மாற்றியவர்கள் போடும் வார்ஃபரினுக்கு வேறு காரணம். தேயிலையில் வைட்டமின் கே உண்டு. ஊறவைத்த டீயில் அது கொஞ்சம்தான். லிட்டர் கணக்கில் குடித்தாலோ, இலையையே அரைத்த மாட்சா பொடியைக் கரைத்துக் குடித்தாலோ ஐஎன்ஆர் இறங்கிவிடும். தினமும் ஒன்றிரண்டு கோப்பை என்று ஒரே அளவாகக் குடித்து, ஐஎன்ஆர் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு சொல்லிட்டாங்க. அதுக்கு கிரீன் டீ மருந்துங்களா?

மருந்து இல்லை. கொஞ்சம் பேரை வைத்து நடந்த சில ஆய்வுகளில் எஸ்ஜிபிடி குறைந்தது உண்மை. ஈரல் கொழுப்பு நோய்க்குச் சிகிச்சை என்று சொல்ல அது போதாது. டீயாக இரண்டு மூன்று கோப்பை குடிக்கலாம். கேப்சூல் வேண்டாம்: எஸ்ஜிபிடி ஏற்கெனவே 70, 80 என்று இருப்பவருக்கு அது 200 ஆனால், கொழுப்பால் வந்ததா, கேப்சூலால் வந்ததா என்று பிரிப்பதே சிரமமாகிவிடும்.

ஏற்காட்டுல வாங்கின இலை கசக்குது. எப்படிப் போடறது?

கசப்பு பெரும்பாலும் கொதிக்கிற தண்ணீரால் வருவது. சேலத்தில் தண்ணீர் 99 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டுமே இலைக்கு அதிகம். 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, காபி ஆற்றுவதுபோல் டம்ளரிலிருந்து டபராவுக்கு இரண்டு மூன்று முறை ஆற்றினால் 80 டிகிரி பக்கம் வந்துவிடும். அதில் 2 கிராம் இலை, மேலாக ஒரு டீஸ்பூன், போட்டு 3 நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். இலையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கேட்டகின் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், ஆனால் அந்தத் துவர்ப்பைச் சரிக்கட்ட நீங்கள் சர்க்கரை போடுவீர்கள்.

காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் பலருக்குக் குமட்டும். சாப்பாட்டோடு குடித்தால் சோறு, கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை கேட்டகின் பிடித்துக்கொள்ளும். எனவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் அதிலிருந்தும் ஒரு மணி நேரம் தள்ளியே குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு கோப்பை போதும். கர்ப்பிணிகள் காஃபீனுக்காக இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது, கேப்சூல் அறவே வேண்டாம்.

ஏற்கெனவே ரெண்டு மாசமா கேப்சூல் போட்டுட்டு இருக்கேன். இப்ப என்ன பண்றது?

இன்றே நிறுத்துங்கள், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு முறை ஈரல் செயல்பாட்டுச் சோதனை எடுங்கள். எந்த நல்ல லேபிலும் செய்வார்கள், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் செய்து கொள்ளலாம். எஸ்ஜிபிடி இயல்பாக இருந்தால் அதோடு முடிந்தது. மூன்று மடங்குக்குள் ஏறியிருந்து, பிலிருபின் இயல்பாக இருந்தால், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தாலோ, சிறுநீர் கறுத்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

போகும்போது டப்பாவைத் தூக்கிப்போடாமல் கையோடு கொண்டுபோங்கள், மீதிக் கேப்சூலும் உள்ளே இருக்கட்டும். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, வெறும் வயிற்றிலா சாப்பிட்டா என்பதையும், கூடப் போட்ட மற்ற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். “வேற எதுவும் மருந்து சாப்பிடறீங்களா” என்று கேட்டால் “இல்லை” என்று சொல்லிவிடுவது பலரின் வழக்கம். கேப்சூலை அவர்கள் மருந்தாக நினைப்பதில்லை. பாதிப்பு உறுதியானால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், மருந்து பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் இந்திய அரசின் திட்டத்துக்கு நீங்களோ உங்கள் மருத்துவரோ தெரிவிக்கலாம். டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.